ராஜினாமாவுக்கு ஒரு தேதி

கேள்வி: எனக்கு வயது 37. திருச்சியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் துணை மேலாளர். போன ஜூன் பாதியில் நாலு வருஷம் முடிந்தது. முதல் இரண்டு வருஷம் கவுன்டர், லாக்கர், கேஒய்சி என்று நன்றாகத்தான் போனது. பிறகு சேல்ஸ் பக்கம் மாற்றிவிட்டார்கள். காலை எட்டரைக்கு ஒரு போன் கால், மாலை ஆறரைக்கு ஒரு போன் கால். எத்தனை பாலிசி, எத்தனை கணக்கு என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். போன மார்ச்சில் டார்கெட்டுக்காக என் கணவர் பெயரிலேயே வருஷம் 30,000 கட்டுகிற மாதிரி ஒரு பாலிசி போட்டேன். கையில் 61,000 வருகிறது, பேசிக் 26,000. வீட்டுக் கடன் எங்கள் வங்கியிலேயே. பாக்கி 22 லட்சம், இன்னும் 15 வருஷம், இஎம்ஐ 19,800. கணவருக்கு ஜெராக்ஸ் கடை, மாதம் 20,000 நிற்கும். எஃப்டி 2,10,000. மாமியாருக்குச் சர்க்கரை, அவர் இன்ஷூரன்ஸும் என் கம்பெனி பாலிசியில்தான். பையன் நாலாவது. ராத்திரி மூன்றரைக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. தீபாவளிக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. ஒரு பலகாரம் சுடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். வண்டியில் போகும்போது லாரி லேசாகத் தட்டினால் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. "ஐந்து வருஷம் முடித்துவிடு, கிராஜுவிட்டி வரும்" என்கிறார் கணவர். விடலாமா?
— பெயர் வேண்டாம், திருச்சி

மனநல மருத்துவர் பதில்:

சம்பளக் கணக்கையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் அந்த லாரியைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த நினைப்பை என் அறையில் பலர் பல விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கு டெங்கு வந்தால் தேவலை, ஒருவருக்குக் காலில் எலும்பு முறிந்தால் போதும். சாக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்காது. யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு லீவு வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: லேசாகத் தட்டினால் என்பது எப்போதாவது பலமாகவே இடித்தாலும் பரவாயில்லை என்று மாறியிருக்கிறதா? நான் இல்லாவிட்டால் இவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள் என்று தோன்றியிருக்கிறதா? ஒரு தடவை தோன்றியிருந்தாலும் கீழே நான் எழுதும் கணக்கு எதுவும் உங்களுக்கு இப்போது வேண்டாம். இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல எண் அது, தமிழிலேயே பேசுவார்கள், ராத்திரி மூன்றரைக்கும் எடுப்பார்கள். நாளைக் காலையில் மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் இஎம்ஐ, கிராஜுவிட்டி, நோட்டீஸ் எதுவும் பெரிதில்லை; வேலைக்குப் போகாமல் இருப்பதுதான் சரி. இந்த நினைப்பு இருக்கும்வரை வண்டியையும் கொஞ்ச நாளைக்கு நீங்கள் ஓட்ட வேண்டாம்.

அப்படியெல்லாம் இல்லை, வெறும் களைப்புதான் என்றால் மேலே படியுங்கள். ஆனால் அது வெறும் களைப்பா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

வேலையால் ஆள் வற்றிப்போவதை இப்போது எல்லோரும் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் அதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையோடு ஒட்டிய ஒரு நிலை என்றுதான் சொல்கிறது. சக்தி வடிந்துபோகும், வேலையின்மேல் வெறுப்பும் கசப்பும் வரும், செய்வது எதுவும் உருப்படவில்லை என்று தோன்றும். இந்த மூன்றும் வேலையைச் சுற்றித்தான் இருக்கும். அப்படிப்பட்டவரை நாலு நாள் வேலையிலிருந்து பிரித்துவைத்தால் முதல் நாள் தூங்குவார், இரண்டாம் நாள் பசி எடுக்கும், மூன்றாம் நாள் யாரையாவது கூப்பிட்டுப் பேசுவார், லீவு முடிகிற அன்று மாலைதான் வயிற்றைப் பிசையும். மனச்சோர்வு நோய் அப்படி லீவுக்கு மசியாது. வேலை இல்லாத நாளிலும், பிடித்த விஷயத்திலும்கூட மனம் ஒட்டாது. விடியலுக்கு வெகு முன்னாலேயே முழிப்பு வரும், பசி போகும், எதிலும் ருசி இருக்காது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் நாங்கள் அதை நோயாகத்தான் பார்ப்போம்.

உங்கள் தீபாவளியை இந்த இரண்டில் எதில் வைப்பது? நாலு நாளும் அலுவலகப் போன் அடிக்கவில்லை, யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை. இருந்தும் சுவரைத்தான் பார்த்தீர்கள். கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது, வைக்கவும் மாட்டேன். ஆனால் வேலை உங்களைக் களைப்பாக்கிய கட்டத்தைத் தாண்டி நோயில் கொண்டுபோய் விட்டிருக்கலாம் என்பதற்கு அந்த நாலு நாளும், மூன்றரை மணி விழிப்பும் போதுமான சாட்சி. நேரில் ஒருவர் பார்க்க வேண்டும். அதோடு தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே மாதிரி வேஷம் போடும். உங்கள் வயதுப் பெண்களிடம் இரண்டும் அபூர்வமில்லை. செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம், திருச்சி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது.

முதலில் இதை ஏன் இழுக்கிறேன் என்றால், மனச்சோர்வு முடிவெடுக்கும் இடத்தையே பாதிக்கும். இருக்கிற பத்து வழிகளில் எட்டு கண்ணுக்குத் தெரியாது. ஒன்று அப்படியே கிடந்து சாவது, இல்லை எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு ஓடுவது, இந்த இரண்டுதான் உலகத்தில் இருப்பதுபோல் தோன்றும். அந்த நேரத்தில் எழுதும் ராஜினாமாக் கடிதம் சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் எழுதியது நீங்களா நோயா என்று உங்களுக்கே பிறகு தெரியாது. இன்னொன்றும் நடக்கும். வேலையை விட்டு ஒரு மாதம் கழித்தும் மூன்றரைக்கு விழிப்பு வரும். அப்போது வேலையைக் குறை சொல்ல முடியாது, சம்பளமும் இருக்காது, 'எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேன்' என்ற நினைப்பு மட்டும் கூடச் சேர்ந்துகொள்ளும். இந்த நிலையில் என்னிடம் வருபவர்களைத் தேற்றுவது, வேலையில் இருந்துகொண்டே வருபவர்களைத் தேற்றுவதைவிடக் கடினம்.

நானும் ஒரு தடவை இப்படி விட்டவன்தான். படிப்பு முடித்த புதிதில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொடர்ச்சியாக ராத்திரி டூட்டி. ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை, டூட்டி அறையில் ஆறிப்போன தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டுத் தாளின் பின்பக்கத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் பதினைந்து நாள் தூங்கினேன். தூங்கி எழுந்த பிறகுதான் தெரிந்தது, நான் வெறுத்தது அந்த ராத்திரிகளைத்தான், நோயாளிகளை இல்லை என்று. பகல் டூட்டி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கத் தோன்றவேயில்லை.

உங்கள் கடிதத்திலும் அப்படி ஒரு கோடு தெளிவாக விழுந்திருக்கிறது. கவுன்டரில் இருந்த இரண்டு வருஷத்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பிரச்சினை வங்கி வேலையா, விற்பனையா, அந்த இரண்டு கால்களா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கவுன்டர், லாக்கர் மாதிரியான ஆபரேஷன்ஸ் பக்கம் மாற்றிக் கேட்பதற்கு ராஜினாமா செய்ய வேண்டியதில்லை. ஒரு மின்னஞ்சல் போதும். மறுப்பார்கள் என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டது கணக்கில் வராது. வேறு வங்கிக்கோ, வீட்டுவசதிக் கடன் நிறுவனத்துக்கோ போகும்போதும் எந்தப் பக்கத்து வேலை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐயாயிரம் கூடக் கிடைக்கிறதென்று இன்னோர் இடத்தில் அதே இரண்டு கால்களுக்குப் போய் உட்கார்ந்தால், ஆறு மாதத்தில் இதே கடிதம் மறுபடி வரும்.

இனி பணத்துக்கு வருகிறேன். நான் கணக்காளன் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்துக்கு வருகிற வேலைக் கடிதங்களில் முக்கால்வாசி, பயம் ஒரு தொகையாக மாறாததால் வரும் துன்பம்தான். அதனால் ஆடிட்டர் நண்பரை உட்காரவைத்து உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் உங்கள் வீட்டில் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் கிராஜுவிட்டி. கடைசிப் பேசிக்கை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருஷ எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். உங்களுக்கு 26,000 பேசிக் என்பதால் ஒரு வருஷத்துக்கு 15,000. ஐந்து வருஷத்துக்கு 75,000. உங்கள் ஒன்றேகால் மாதச் சம்பளம், அவ்வளவுதான். அதற்காகத்தான் ஜூன் பாதிவரை இன்னும் ஏழரை மாதம் உட்காரச் சொல்கிறார்கள். (ஏழரை என்று வந்தது தற்செயல்தான். நம் ஊரில் அந்த எண்ணைச் சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை.)

அந்த 75,000-ஐ விடச் சொல்லவில்லை. ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் பணி இருந்தாலே ஐந்து வருஷமாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஜூன் பாதியிலிருந்து 240 நாள் எண்ணினால் பிப்ரவரி பத்து வாக்கில் வந்துவிடும். நோட்டீஸில் இருக்கும் காலமும் பணிக்காலம்தான். தனியார் வங்கிகளில் பொதுவாக 90 நாள் நோட்டீஸ். உங்கள் நியமன உத்தரவைப் பாருங்கள். டிசம்பர் பாதியில் ராஜினாமா கொடுத்தால் மார்ச் பாதியில் விடுவிப்பார்கள், 240-ஐத் தாண்டி ஒரு மாதம் கையில் இருக்கும். அந்த ஒரு மாதம் அவசியம். சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அந்த நாட்களைக் கழித்து எண்ணப் பார்ப்பார்கள், வாரவிடுமுறையைச் சேர்ப்பதா என்றும் தகராறு செய்வார்கள். சில நிறுவனங்கள் முழுசாக ஐந்து வருஷம் ஆகாமல் தரமாட்டோம் என்றே சொல்லும். அப்போது தொழிலாளர் துறையில் மனுப் போட வேண்டியிருக்கும். எனவே ராஜினாமாவுக்கு முன்பே ஹெச்ஆரிடம் பொதுவாக ஒரு விளக்கம் கேட்பதுபோல் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வராது என்றே வைத்துக்கொண்டாலும், நீங்கள் இழப்பது 75,000. அந்தத் தொகைக்குமேல் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டாம்.

உண்மையான செலவு வேறு இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது. உங்கள் கணவரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

ஒன்று, வீட்டுக் கடன். 22 லட்சத்துக்கு, 15 வருஷத்துக்கு 19,800 இஎம்ஐ என்றால் வட்டி 7 சதவீதத்துக்கு வருகிறது. ஊழியர் சலுகை வட்டியாக இருக்க வேண்டும். அப்படியானால் வேலையை விட்ட பிறகு அது சாதாரண வாடிக்கையாளர் வட்டிக்கு மாறும். 9 சதவீதம் என்று வைத்தால் இஎம்ஐ 22,300 ஆகும். அனுமதிக் கடிதத்தில் இதற்கென்று ஒரு பத்தி இருக்கும், இன்று இரவே எடுத்துப் படியுங்கள். வேறு வங்கிக்குக் கடனை மாற்றும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். வேலையில்லாதவர் கடனை எந்த வங்கியும் ஆசையாக வாங்காது, இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, மாமியாரின் காப்பீடு. கம்பெனியின் குழுக் காப்பீடு வழக்கமாகக் கடைசி வேலைநாளோடு முடியும். புதிதாக எடுக்கும் பாலிசியில் விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கு மூன்று வருஷம்வரை காத்திருக்கச் சொல்லலாம். குழுவிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. அப்படி மாறினால் இதுவரை இருந்த காலத்தைக் கழித்துக்கொள்வார்கள். விலகுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விலகிய பிறகு யாரும் உங்கள் போனை எடுக்கமாட்டார்கள். இதில் ஓர் எச்சரிக்கை. மனநல சிகிச்சை எடுத்தது தெரிந்தால் பாலிசி கிடைக்காது என்று யாராவது சொல்வார்கள், மறைக்கவும் சொல்வார்கள். மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல் நோய்க்கு இருப்பதுபோலவே மன நோய்க்கும் காப்பீடு இருக்க வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால், சம்பந்தமே இல்லாத ஒரு பித்தப்பை ஆபரேஷனுக்குக்கூடப் பணம் தராமல் இழுத்தடிப்பார்கள்.

இப்போது மாதக் கணக்கு. புது இஎம்ஐ 22,300. மளிகை, பால், காய்கறிக்கு 9,000, பள்ளிக் கட்டணத்தை மாதமாகப் பிரித்து வேனோடு சேர்த்து 6,000, மாமியார் மருந்துக்கு 2,500, புது இன்ஷூரன்ஸுக்கு 4,000, கரண்ட், கேஸ், போனுக்கு 3,500, பெட்ரோலுக்கு 2,500, சில்லறைக்கு 2,200. மொத்தம் 52,000. (இஎம்ஐ தவிர மற்றதெல்லாம் எங்கள் உத்தேசம், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.) கடையிலிருந்து 20,000 வருகிறது. ஆக மாதம் 32,000 துண்டு விழும்.

இந்த 32,000-ஐத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். 'ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் வேலையை விடாதே' என்று சொல்பவர்கள் 52,000-ஐ ஆறால் பெருக்கி, மூன்று லட்சத்துச் சொச்சம் கேட்டு உங்களைப் பயமுறுத்துவார்கள். கடை வருமானம் நிற்கவில்லையே! உங்கள் எஃப்டி 2,10,000-ஐ 32,000-ஆல் வகுத்தால் ஆறரை மாதம். கிராஜுவிட்டி வந்தால் 2,85,000, கிட்டத்தட்ட ஒன்பது மாதம். அதிலிருந்து ஒரு லட்சத்தை ஆஸ்பத்திரிக்கென்று தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். சர்க்கரைக்காரர் இருக்கும் வீடு. மீதி 1,85,000. ஐந்து மாதமும் முக்கால்வாசியும் தாங்கும். பி.எஃப்-ஐ இதில் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். அது அடுத்த வேலைக்கு மாற்றிக்கொண்டு போக வேண்டிய பணம்.

வேலை இழுக்கும் செலவையும் பாருங்கள். அந்த 30,000 பாலிசி வருகிற மார்ச்சில் மறுபடி பிரீமியம் கேட்கும். மாதத்துக்கு 2,500 என்பது உங்கள் சம்பளத்திலிருந்து உங்கள் வங்கியே திரும்ப எடுத்துக்கொண்ட பணம். மாலை கால் முடிந்து வீட்டுக்கு வந்து சமைக்கத் தெம்பில்லாமல் வாங்கும் பார்சல், மத்தியானம் வெளியில் சாப்பிடுவது, இவற்றையும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். 61,000 என்பது 61,000 இல்லை என்று தெரியும்.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு விடாதீர்கள், ஜூன் வரையும் இருக்காதீர்கள். ஆபரேஷன்ஸ் மாற்றம் கிடைக்காவிட்டால் மார்ச் பாதியில் வெளியே வாருங்கள்.

நாட்களை இப்படி நகர்த்தலாம். இந்த வாரம் மருத்துவர், ரத்தப் பரிசோதனை. அவர் சரியென்று சொன்னால் இரண்டு, மூன்று வாரம் மருத்துவ விடுப்பு, முடிந்தவரை சம்பளத்தோடு கூடியதாக. சான்றிதழில் நோயின் பெயரை விரிவாக எழுத வேண்டாம் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. மேலாளரிடம் மனம் திறந்து கொட்ட வேண்டாம். நல்லவராகவே இருந்தாலும் அவருக்கும் ஆறரை மணிக்கு ஒரு கால் இருக்கிறது.

மருந்து எழுதினால் பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம். முதல் வாரத்தில் வயிற்றைப் புரட்டலாம், கொஞ்சம் படபடப்பாக இருக்கலாம். அத்தோடு நிறுத்திவிட்டு 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்பவர்கள் நிறையப் பேர். இந்த மாத்திரைகள் தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்குவதில்லை. ஆனால் நன்றாகிவிட்டது என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, மருத்துவர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும். மருந்து இல்லாமல் பேச்சு சிகிச்சை போதும் என்று அவர் சொன்னாலும் இதே எட்டு வார அளவை வைத்துக்கொள்ளலாம்.

நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்தால் எட்டு வாரம் டிசம்பர் கடைசியில் முடியும். டிசம்பர் பாதியில், ஆறாவது வாரம் தாண்டியதும், ஒரு நாள் உட்கார்ந்து முடிவெடுங்கள். தூக்கம் ஐந்தரை வரை நீண்டு, பசி திரும்பி, பையன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க முடிகிறது, ஆனால் எட்டரை மணிக் காலுக்கு மட்டும் நெஞ்சு அடைக்கிறது என்றால், நோய் விலகிய பிறகும் வேலை உங்களுக்கு ஆகவில்லை என்று அர்த்தம். தயங்காமல் கடிதத்தைக் கொடுங்கள். அந்த ராஜினாமாவை எழுதுவது நீங்கள். உடம்பும் மனமும் டிசம்பரிலும் இப்போது போலவே இருந்தால் முடிவைத் தள்ளிவைத்துவிட்டு மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இடையில் எப்போதாவது அந்த லாரி நினைப்பு கனத்தால் இந்த அட்டவணையைக் கிழித்துப்போட்டுவிடலாம்.

எப்படி விட்டாலும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் வந்தவரை இன்னொரு வங்கி எடுப்பது கஷ்டம், பி.எஃப் கணக்கில் விலகிய தேதி ஏறாமல் கிடந்து அதற்கு வேறு அலைய வேண்டும். நோட்டீஸ் மாதங்கள் ஆண்டுக் கடைசியில் வருவதால் 'மார்ச் முப்பத்தொன்று வரை இருந்துவிட்டுப் போங்கள்' என்று உருக்கமாகக் கேட்பார்கள். இரண்டு வாரம்தானே என்று தோன்றும். அந்த இரண்டு வாரத்தில்தான் போன வருஷம் நீங்கள் 30,000-க்குப் பாலிசி போட்டீர்கள்.

கணவரிடம் பேசும்போது 'என்னால் முடியவில்லை' என்று ஆரம்பித்தால் அவர் 'எல்லோருக்கும் அப்படித்தான்' என்பார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கடை 20,000-க்கு மேல் தாண்டாது என்பது அவருக்குத்தான் அதிகம் வலிக்கும். அதனால் முதலில் லாரியைச் சொல்லுங்கள், பிறகு 32,000 என்ற எண்ணை எழுதி அவர் கையில் கொடுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கடை வருமானம் எவ்வளவு கூடும், நீங்கள் ஏப்ரல், மே இரண்டு மாதம் கடையில் உட்கார்ந்தால் ஆதார், பான் விண்ணப்ப வேலைகளை எடுத்துச் செய்ய முடியுமா என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்தால் நல்லது. ஜெராக்ஸ் கடையில் கேஒய்சி தெரிந்த ஆள் ஒருவர் இருப்பது சின்ன விஷயமில்லை.

டிசம்பர் பாதியில் எனக்கு மறுபடி எழுதுங்கள். சம்பளம், இஎம்ஐ எல்லாம் தெரிந்துவிட்டது, அவை வேண்டாம். ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதை முதல் வரியில் எழுதினால் போதும்.